'ஆக்சுவலி' மீது பழி போடாதீர்கள்

கேம்பஸ் இன்டர்வியூ சீசன் வந்துவிட்டால் விடுதி அறைகளில் ஒத்திகைப் பதிவுகள் தொடங்கிவிடும். செல்போன் வீடியோவை ஓடவிட்டு 'ஆக்சுவலி', 'பேசிக்கலி', 'ம்ம்' எத்தனை என்று எண்ணுகிறார்கள்; எண்ணிக்கை கூடினால் ஆள் தேறமாட்டார் என்று முத்திரை குத்துகிறார்கள். இந்தக் கணக்கு தவறு என்பது என் கட்சி. எத்தனை என்பதைவிட, எங்கே விழுகிறது என்பதுதான் முக்கியம்.

இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர் ஒருவரின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சுய அறிமுகத்தில் ஒரு நிரப்புச் சொல்கூட இல்லை. நிமிடத்துக்கு 180 ஆங்கிலச் சொற்கள்; அது மனப்பாடத்தின் வேகம். கேட்பவர் வசதியாகப் பின்தொடர 130, 140 போதும். ஆனால் நண்பர்கள் கைதட்டியது அந்த இடத்தில்தான்.

அடுத்த கேள்வி: "ப்ராஜெக்ட்டில் உங்கள் பங்கு என்ன?" கேள்வி முடியும் முன்பே வாய் திறந்துவிட்டது. "ஆக்சுவலி, ஸோ, பேசிக்கலி" என்று மூன்றும் வந்த பிறகே விஷயம் வந்தது. ஒரு நிமிடப் பதிலில் 9 நிரப்புச் சொற்கள், அதில் 7 வாக்கியத்தின் தொடக்கத்தில். பந்து கையை விட்டு வரும் முன்பே மட்டையைச் சுழற்றும் பேட்ஸ்மேனின் கோளாறு இது. என்ன சொல்வது என்று முடிவெடுக்காமல் பேசத் தொடங்கியதுதான் பிழை. வாக்கியத்தின் நடுவில் விழுந்த மற்ற இரண்டையும் யாரும் கவனிக்கப்போவதில்லை.

மறுபதிவில் அவருக்கு ஒரே கட்டளை: கேள்வி முடிந்ததும் வாயை மூடி, முதல் வாக்கியத்தை மனதில் முடித்துவிட்டுத் திறக்க வேண்டும். "ரொம்ப நேரம் சும்மா இருந்துட்டேனே சார்" என்று பதறினார். பதிவின் நேரக் கோட்டைப் பார்த்தோம். இரண்டு நொடிகூட ஆகவில்லை. பேசுபவருக்கு நீளமாகத் தோன்றும் மௌனம், பார்ப்பவருக்கு யோசனையாகத்தான் தெரிகிறது. அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் நம்பினார். நிரப்புச் சொற்கள் 3 ஆகக் குறைந்தன.

ஒலியை நிறுத்தியும் ஒருமுறை பார்த்தோம். கண் முழுக்கத் திரையில் தெரிந்த சொந்த முகத்தின் மேலேயே இருந்தது. பின்பக்க கேமராவில் எடுத்ததும் அந்தப் பழக்கம் போய்விட்டது. இன்னொன்று: ஒத்திகையில் கேள்விகளை நண்பர்தான் வரிசை மாற்றிக் கேட்க வேண்டும். தெரிந்த வரிசையில் கேட்டால் பதிவாவது மனப்பாடம் மட்டுமே.

இனி என் கணிப்பு. 'ஆக்சுவலி'க்குத் தடை போட்டுக்கொண்டவர்கள் இந்த சீசனில் 'ம்ம்' என்று இழுப்பார்கள், எண்ணிக்கை குறையாது. நம்மவர் அடுத்த இரண்டு பதிவுகளில் நிதானமாக இருப்பார். தெரியாத டெக்னிக்கல் கேள்வி ஒன்று வந்ததும் பழைய அவசரம் எட்டிப்பார்க்கும். அங்கேயும் அந்த இரண்டு நொடியை விடாமல் பிடித்தால், எச்.ஆர். சுற்று வரை அவரை யாராலும் நிறுத்த முடியாது.