நாலாம் வகுப்பின் முதல் வருகைத் தாள்: கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ்

அக்கா ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். மாதக் கடைசியில் பதிவேட்டை விரித்து வைத்து, 24 பிள்ளைகளும் வந்த நாள்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். அந்தக் கணக்கை மட்டும் கூகுள் ஷீட்ஸிடம் விட முடியுமா என்று ஒரு மாதம் அவருடைய ஆண்ட்ராய்டு கைப்பேசியில் பார்த்தோம். பள்ளிப் பதிவேடு வழக்கம்போலத் தொடர்ந்தது.

A-வில் வரிசை எண், B-யில் பெயர், C முதல் AG வரை 31 நாள்கள். வந்தால் P, வராவிட்டால் A, விடுமுறை என்றால் கட்டம் காலி. வலப்பக்கம் நகர்த்தினாலும் பெயர் மறையாதிருக்க B வரை நிலைநிறுத்தினோம். முழுப் பெயர்கள் பாதித் திரையைப் பிடித்துக்கொண்டதால் அவற்றைச் சுருக்க வேண்டியிருந்தது. கடைசியில் AH, AI, AJ என மூன்று பத்திகள்: வந்த நாள், வேலை நாள், விழுக்காடு.

```
=COUNTIF(C2:AG2,"P")
=COUNTA(C2:AG2)
=AH2/AI2
```

அக்கா முதலில் 31-ஆல்தான் வகுத்தார். 20 வேலை நாளில் 17 நாள் வந்த பையனுக்கு 55 விழுக்காடு காட்டியது. உண்மையில் அது 85. COUNTA நிரப்பிய கட்டங்களை மட்டும் எண்ணுவதால் விடுமுறைகள் தாமாகவே விலகிவிடும். ஆனால் A போட மறந்தால் அந்த நாளும் விலகி, விழுக்காடு கூடிவிடும்.

மாதக் கடைசியில் ஒரு சிறுமிக்கு 18 என்று வந்தது. "நான் ஒரு நாள்கூட லீவு போடலையே டீச்சர்" என்றாள். பதிவேட்டிலும் 20 நாள் இருந்தது. திரையிலும் இருபது P தெரிந்தது. சந்தேகப்பட்ட F9 கட்டத்தைப் பார்க்க, வேறொரு காலிக் கட்டத்தில் =LEN(F9) போட்டோம். ஓர் எழுத்துக்கு 2 என்று விடை வந்தது. விசைப்பலகை காட்டிய பரிந்துரையைத் தொட்டபோது P-யின் பின்னால் ஓர் இடைவெளியும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிறிய p-யை COUNTIF ஏற்கும். இடைவெளியோடு வரும் P-யை ஏற்காது. COUNTA அதையும் வேலை நாளாக எண்ணியதால் அவளுக்கு 90 விழுக்காடு.

Data validation மூலம் கட்டங்களில் P, A என்ற இரண்டை மட்டும் தேர்ந்தெடுக்கும் பட்டியலை வைத்து, அவளுக்கு விடுபட்ட இரண்டு நாளையும் திரும்பப் பதிந்ததும் 20 ஆனது. AK-வில் ஒரு சரிபார்ப்பும் சேர்த்தோம்:

```
=AI2-AH2-COUNTIF(C2:AG2,"A")
```

இது 0 என்றால் நிரப்பிய கட்டங்கள் எல்லாம் கணக்கில் வந்துவிட்டன. வேறு எண் வந்தால் அந்த வரிசையில் பிழையான பதிவு இருக்கிறது.

டவர் கிடைக்காத வகுப்பறையிலும், கோப்பை முன்பே ஆஃப்லைனில் வைத்திருந்தால் பதியலாம்; இணையம் வந்ததும் சேர்ந்துவிடும். 24 பேர் வகுப்புக்கு இந்தச் செயலி தாராளமாகப் போதும், AK பத்தியும் இருந்தால். இப்போது அக்கா அதைப் பார்த்த பிறகுதான் ஒரு பிள்ளையிடம், "ஏன் லீவு போட்டே?" என்று கேட்கிறார்.