குழிக்குள் வரும் நீர், குழிக்கு வெளியே நிற்கும் நீர்

கள்ளக்குறிச்சியில் அடித்தளக் குழி தோண்டப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்து வயல்காரரின் திறந்த கிணற்றை. மேலே செம்மண், அதற்குக் கீழே கடப்பாறைக்கு மசிகிற மக்கிய பாறை, அதற்கும் கீழே நைஸ், சார்னோகைட் எனும் கடும்பாறை. இந்த அடுக்குகள் கிணற்றுச் சுவரிலேயே தெரிந்துவிடும். தண்ணீர் பெரும்பாலும் மக்கிய பாறையில்தான் தங்கியிருக்கிறது. மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடினால் கிணறு வற்றுகிறது, மறுபடி ஊற எவ்வளவு நேரமாகிறது என்று அவரையே கேட்டால், நிலம் எவ்வளவு வேகமாக நீரை விடுகிறது என்பதற்கு ஒரு முதல் மதிப்பு கையில் வந்துவிடும். சோதனைத் துளை போடும் செலவை இது தவிர்க்காது. ஆனால் துளையில் கிடைக்கும் எண்ணை நம்பலாமா என்பதை இது சொல்லும்.

கணக்குக்காக ஒரு குழியை எடுத்துக்கொள்வோம். நீளம் 30 மீட்டர், அகலம் 20 மீட்டர், ஆழம் 7 மீட்டர். வடகிழக்குப் பருவமழை முடிந்த நேரம், நீர்மட்டம் 3 மீட்டர் ஆழத்தில் நிற்கிறது. கடும்பாறை 13 மீட்டரில் தொடங்குகிறது. குழியின் தரை உலர்ந்திருக்க வேண்டுமானால் நீரை 8 மீட்டர் வரை இறக்க வேண்டும். மக்கிய பாறையின் நீர் கடத்தும் திறன் நாளுக்கு 1 மீட்டர் என்று கொள்வோம். குழியை அதே பரப்புள்ள பெரிய வட்டக் கிணறாக நினைத்துக்கொண்டால், பழைய கிணற்றுச் சூத்திரமே போதும்:

Q = πk(H² − h²) / ln(R/r)

இதில் H 10 மீட்டர், h 5 மீட்டர், குழியின் ஆரம் 13.8 மீட்டர், பாதிப்பு எட்டும் தூரம் ஏறக்குறைய 65 மீட்டர். விடை நாளுக்கு 152 கன மீட்டர், அதாவது நொடிக்கு 1.8 லிட்டர். இவ்வளவு பெரிய குழிக்கு இது மிகக் குறைவு.

இந்த எண்ணை வைத்து மட்டும் பம்ப் வாங்கினால் முதல் மழையிலேயே குழி மூழ்கும். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் 600 சதுர மீட்டர் பரப்பில் 30 கன மீட்டர் சேர்கிறது. நொடிக்கு 8.3 லிட்டர், நிலத்தடி ஊற்றைப் போல நாலரை மடங்கு. ஆகவே இங்கே பம்பின் அளவைத் தீர்மானிப்பது நிலமல்ல, வானம். ஊற்றுக்கு நொடிக்கு 3 லிட்டர் தள்ளும் 2 எச்.பி. சப்மெர்சிபிள் ஒன்று இரவும் பகலும் ஓடட்டும். மழைக்கு 15 மீட்டர் உயரம் தள்ளும் 5 எச்.பி. பம்ப் ஒன்று தனியே நிற்கட்டும். அதே திறனில் டீசலில் ஓடும் இன்னொன்று மாற்றுக்கு வேண்டும். பெரிய பம்ப் ஒன்றையே வைத்துச் சிறிய ஊற்றை இறைத்தால் அது நிமிடத்துக்கு நிமிடம் நின்று ஓடும், சீக்கிரம் மோட்டார் எரியும்.

கணக்கை உடைப்பது பாறை வெடிப்பு. தோண்டும்போது ஓரிடத்திலிருந்து மட்டும் தெளிந்த நீர் கயிறு போல் வந்தால் அது வெடிப்பு நீர். அதை அளந்து பார்க்க எளிய வழி உண்டு. வெளியேற்றும் கால்வாயில் 90 பாகை முக்கோண வெட்டு உள்ள தகட்டை நிறுத்தி, வெட்டின் அடியிலிருந்து நீர் எவ்வளவு உயர்ந்து ஓடுகிறது என்று ஸ்கேலில் பார்க்க வேண்டும். நீர் தகட்டை நெருங்கும் இடத்தில் தாழ்ந்துவிடும் என்பதால் சற்றுப் பின்னால் அளக்க வேண்டும். 7 செ.மீ. என்றால் நொடிக்கு 1.8 லிட்டர், 10 செ.மீ. என்றால் 4.4 லிட்டர். நாளுக்கு நாள் உயரம் குறைந்தால் வெடிப்பில் தேங்கிய நீர் காலியாகிறது, கவலை வேண்டாம். குறையாமல் நின்றால் எங்கோ ஏரியோ வாய்க்காலோ அதற்கு ஊட்டுகிறது. அப்போது பம்பைப் பெருக்குவதைவிட வெடிப்பில் சிமென்ட் கூழ் செலுத்தி அடைப்பதே மலிவு.

கல்வராயன் மலைமேல், வெள்ளிமலை போன்ற இடங்களில், கணக்கே வேறு. சரிவில் குழி வெட்டினால் நீர் மேல்பக்கத்திலிருந்து மட்டும் வருகிறது. மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்டி, குழாய் வழியே சரிவின் பக்கவாட்டுக்கு இறக்கினால் பெரும்பாலும் பம்பே தேவையில்லை. ஆனால் அந்தக் குழாயின் வாயில் கல் பரப்பாமல் விட்டால் செம்மண் அரித்துப் பள்ளம் விழும், அடுத்த மழையில் அந்தச் சரிவே நகரும்.

கொழும்பில் இதே குழியை வெட்ட வருகிறவருக்குக் கவலை வேறு. நகரின் தாழ்ந்த பகுதிகளில் மேல்மண்ணின் கீழ் நெகிழ்வான கரிய சேற்றுக்கரிமண், பீட், கிடக்கிறது. நீர் நிறைந்திருக்கும்வரை அது தாங்கும். குழிக்குள் இறைப்பதால் வெளியே நீர்மட்டம் 2 மீட்டர் இறங்கினால், அந்த மண்மீது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 2 டன் கூடுதல் பாரம் ஏறியதற்குச் சமம். 4 மீட்டர் தடித்த பீட் அதில் கணிசமாக அமுங்கக்கூடும். பக்கத்து வீட்டின் அத்திவாரம் ஆழமற்றதாக இருந்தால் சுவர் சாய்வாக வெடிக்கும்.

அதனால் அங்கே முதலில் நீரைத் தடுக்கும் சுவர்: ஒன்றோடொன்று வெட்டிக்கொள்ளும் பைல்களோ, தரைக்குள் வார்க்கும் டயாஃபிரம் சுவரோ. இறைப்பது அதற்குப் பிறகு, உள்ளிருப்பதை மட்டும். நீர்மட்டக் குழாய்கள் குழிக்கு வெளியே, பக்கத்து வீடுகளின் அருகே நிற்கின்றன. அவற்றில் மட்டம் இறங்கினால் சுவரில் கசிவு உண்டு என்று பொருள். இறைத்த நீரில் ஒரு பகுதியை வெளிப்பக்கக் கிணறுகள் வழியே நிலத்துக்குத் திருப்பி ஊட்டி மட்டத்தை நிறுத்தலாம். கள்ளக்குறிச்சியில் பம்பின் ஓட்டத்தை அளக்கிறோம், கொழும்பில் வெளியே நிற்கும் நீரைக் காவல் காக்கிறோம். இந்தியத் தரமான ஐ.எஸ். 9759 (1981) இறைக்கும் முறைகளைச் சொல்கிறது. அந்த நூலைப் பின்பற்றினாலும் வெளிமட்டத்தை மறந்த திட்டம் எனக்கு அரைத் திட்டமாகவே படுகிறது. கள்ளக்குறிச்சியிலும் 65 மீட்டருக்குள் இருக்கும் கிணறுகளின் மட்டத்தை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். கிணறு வற்றினால் விவசாயிக்கு மரவள்ளியும் கரும்பும் போகும்.

வெளியேறும் நீருக்கும் எல்லை உண்டு. உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் இந்தியப் பொது வரம்பில் லிட்டருக்கு 100 மில்லிகிராம், இலங்கையில் 50. மேலே சொன்ன 8.3 லிட்டருக்கு 8 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள படிவுத்தொட்டி, 0.02 மில்லிமீட்டர் வண்டலைப் பிடிக்கும். மக்கிய பாறையின் வெள்ளைக் களிமண் அதைவிட நுண்ணியது, படிகாரம் இல்லாமல் படியாது. தினமும் வாளியில் நீர் பிடித்து வைத்துப் பாருங்கள்: அடியில் மணல் தங்கிக்கொண்டே இருந்தால் நிலத்தின் எலும்பே வெளியேறுகிறது, குழியின் பக்கம் சரியப்போகிறது என்று பொருள்.

பம்பை நிறுத்தும் நாள் இரு நாட்டிலும் ஒரே கணக்கு. நம் குழியில் தரைக்கு மேல் 4 மீட்டர் நீர் நின்றால், சதுர மீட்டருக்கு 4 டன் மேல்நோக்கித் தள்ளும். 60 செ.மீ. கான்கிரீட் பலகை 1.5 டன் மட்டுமே. பத்து சதவீதம் பாதுகாப்பு சேர்த்தால் 4.4 டன் வேண்டும், அதாவது மேலே இன்னும் மூன்று தளம் எழும்பும்வரை பம்ப் ஓட வேண்டும். 2022 மார்ச்சில் இலங்கையில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. டீசல் இல்லாத தளத்தில் அந்தப் 13 மணி நேரம் பலகையை மிதக்கவைக்கவோ வெடிக்கவைக்கவோ போதும்.