ஆதார ஸ்வரம் காட்டும் அட்டவணை

1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில் லெனார்டு பெர்ன்ஸ்டைன் நிகழ்த்திய ஆறு பிரசங்கங்களுள் முதலாவது, ஸ்வரங்கள் எங்கிருந்து பிறந்தன, அவை ஸ்கேல் என்னும் வரிசையாகவும் கார்ட் என்னும் கூட்டாகவும் எவ்வாறு திரண்டன என்பதை விஸ்தாரமாகச் சொல்லுவது. ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் நீளும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது எல்லாம் விளங்கிவிட்டது போலவே தோன்றும். மறுநாள் யாராவது பியானோவில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி 'இது என்ன?' என்று கேட்டால், விளங்கியது புத்திக்கு மாத்திரந்தான், செவிக்கு அதில் ஒரு பங்கும் வந்து சேரவில்லை என்பது புலப்படும். சென்னையில் பியானோ கற்பிக்கும் நண்பர் ஒருவர் அந்தப் பிரசங்கத்தை ஒரே தாளில் அடங்கும் ஸ்வர இடைவெளி அட்டவணையாகவும், அதனோடு சேர்ந்த செவிப்பயிற்சிச் சீட்டுகளாகவும் மாற்றி அமைத்திருக்கிறார். பாடத்துக்கு உதவும் கருவி என்பதற்கு மேலாக, அழகிய கைவேலைப்பாடு ஒன்றைப் பார்ப்பது போலவே அதை நான் பார்த்து ரசிக்கிறேன்.

பிரசங்கத்தின் உயிர்நிலை அதன் தொடக்கத்தில் வரும் ஒரு சோதனையில் இருக்கிறது. பெர்ன்ஸ்டைன் பியானோவில் ஒரு ஷட்ஜக் கட்டையை ஓசை எழாதபடி மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே உள்ள ஷட்ஜத்தைச் சட்டென்று தட்டிக் கையை எடுக்கிறார். தட்டிய தந்தி அடங்கிய பிறகு, தட்டாமல் பிடித்திருந்த தந்தி தானே ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை ஸ்வரம் மாத்திரம் அன்றி, அதைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு வேகமுள்ள மேற்சுரங்களும் உடன் எழுகின்றன என்பதற்கு அது பிரத்தியட்சப் பிரமாணம். அடியிலுள்ள ஷட்ஜத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது மேல் ஸ்தாயி ஷட்ஜம், மூன்றாவது பஞ்சமம், நான்காவது மறுபடியும் ஷட்ஜம், ஐந்தாவது அந்தர காந்தாரம், ஆறாவது பஞ்சமம். நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில் மந்தர ஷட்ஜத் தந்தியை மீட்டும்போது யாரும் வைக்காத காந்தாரம் ஒன்று ஸ்வயம்புவாகக் கேட்கும் என்று நம் வித்வான்கள் சொல்லுவது இந்த ஐந்தாவதைத்தான். ஆகையால் அந்தப் பிரசங்கத்தின் சாரம் நம்மவர் செவிக்கு அந்நியமானது அல்ல.

பிரசங்கத்தை அட்டவணையாக்கும் எவருக்கும் முதலில் செய்யத் தோன்றுவது, ஒரு கட்டை தூரம், இரண்டு கட்டை தூரம் என்று பன்னிரண்டு வரையில் எண்ணிக்கை வரிசையாக எழுதி, எதிரே மைனர் செகண்ட், மேஜர் செகண்ட் என்று பெயர்களைப் போட்டுவிடுவது. கடைகளில் கிடைக்கும் அட்டவணைகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதாம். அவற்றில் பிழை இல்லை. ஆனால் செவி கட்டைகளை எண்ணுவதில்லை. ஐந்து கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு எளிது. இரண்டு ஸ்வரங்களும் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த வித்தியாசம் தூரமாகக் கேட்பதே இல்லை, உறவாகவே கேட்கிறது. சிலப்பதிகாரத்தில் நரம்புகளிடையே இணை, கிளை, பகை, நட்பு என்று உறவுப் பெயர்களே வைத்திருப்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நண்பர் தம் அட்டவணைக்கு வரிசையைப் பிரசங்கத்தின் மேற்சுரத் தொடரிலிருந்தே எடுத்துக்கொண்டார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே ஆக்டேவ். இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே ஃபிஃப்த், அதாவது ச–ப. மூன்றுக்கும் நான்குக்கும் இடையே ஃபோர்த், அதாவது ப–ச. நான்குக்கும் ஐந்துக்கும் இடையே மேஜர் தேர்ட், ச–க. ஐந்துக்கும் ஆறுக்கும் இடையே மைனர் தேர்ட், க–ப. இவ்வளவும் பிரசங்கத்திலேயே உள்ளவை. இவற்றின் பக்கத்தில் அவர் தாமாகச் சேர்த்த ஒரு பத்திதான் அட்டவணைக்கு ஜீவன் தருகிறது. 'ஆதாரம் எங்கே?' என்பது அந்தப் பத்தியின் தலைப்பு. இரண்டு ஸ்வரங்களும் எந்த ஷட்ஜத்தின் மேற்சுரங்களாகப் பிறந்தனவோ அந்த ஷட்ஜம் அவ்விரண்டில் எதுவாக இருக்கிறது என்பதை அது சொல்லுகிறது. ஃபிஃப்த்துக்கு எதிரே 'கீழே' என்று எழுதியிருக்கிறது. ஃபோர்த்துக்கு எதிரே 'மேலே' என்று இருக்கிறது. மேஜர் தேர்டுக்கு 'கீழே'. மைனர் தேர்டுக்கு எதிரே 'இரண்டிலும் இல்லை. கீழ் ஸ்வரத்துக்கும் கீழே நான்கு கட்டை' என்று கண்டிருக்கிறது.

இந்தக் கடைசி வரியில் நான் வெகு நேரம் தங்கினேன். காந்தாரத்தையும் பஞ்சமத்தையும் மாத்திரம் சேர்த்து வாசித்தால் எதையோ எதிர்பார்த்து நிற்பது போன்ற ஒரு நிராதாரமான இனிமை உண்டாகிறதே, அது ஏன் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். குழந்தைகள் ஒருவரையொருவர் கேலி செய்து ராகமிழுக்கும்போது பல தேசங்களில் இதே இடைவெளியில் இறங்குகிறார்கள் என்பதைப் பெர்ன்ஸ்டைன் ரஸமாக எடுத்துக் காட்டுகிறார். ஆனால் அது ஆதாரம் விலகி நிற்கும் இடைவெளி என்பது அட்டவணையைப் பார்த்த பிறகுதான் என் செவிக்கு உறைத்தது.

கார்டுகளுக்கு அவர் தனி அட்டவணை போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. ச–க என்ற மேஜர் தேர்டின் தலைமேல் க–ப என்ற மைனர் தேர்டை வைத்தால் மேஜர் கார்ட் ஆகிறது. ஆதாரமின்றித் தவித்த க–ப இப்போது தன் ஷட்ஜத்தைக் கீழே பெற்று அமைதி அடைகிறது. வரிசையை மாற்றி, கீழே மைனர் தேர்டும் மேலே மேஜர் தேர்டுமாக வைத்தால், ச, சாதாரண காந்தாரம், ப என்ற மைனர் கார்ட். இதில் வெளிக்கோடான ச–ப ஷட்ஜத்தை ஆதாரமாகக் காட்டுகிறது. மேலே உள்ள மேஜர் தேர்டோ சாதாரண காந்தாரத்தை ஆதாரமாகக் காட்டுகிறது. ஒரே கூட்டில் இரண்டு ஸ்வரங்கள் ஆதார ஸ்தானத்தைக் கோருகின்றன. மைனர் கார்டை வெறும் 'சோகம்' என்று எழுதிப் பழகிய பாடப்புத்தகங்களைவிட இது எவ்வளவோ மேலான வியாக்கியானம் என்பது என் அபிப்பிராயம்.

இனிச் சீட்டுகள். ஒவ்வொரு சீட்டின் முன்புறமும் எந்தக் கட்டையிலிருந்து எந்தக் கட்டை என்பது மாத்திரம், உடன் இருந்து வாசிப்பவருக்காக எழுதியிருக்கிறது. பயிலுபவர் அதைப் பார்ப்பதில்லை. ஒரே இடைவெளிக்கு வெவ்வேறு கட்டையில் தொடங்கும் சீட்டுகள் பல உண்டு. எல்லாம் ஒரே கட்டையில் தொடங்குமானால், செவி இடைவெளியை விட்டுவிட்டு மேல் ஸ்வரத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு சரியான விடையைச் சொல்லிவிடும். பின்புறத்தில் இடைவெளியின் பெயரும் ஆதாரமும் இருக்கின்றன. கேள்வி 'இது என்ன இடைவெளி?' என்பது அன்று. 'ஆதாரத்தைப் பாடு' என்பதுதான். பெயரை ஊகித்துச் சொல்லிவிட முடியும். குரலில் ஒரு ஸ்வரத்தை நிறுத்திக் காட்டுவதில் ஊகத்துக்கு இடம் குறைவு.

இந்த முறையின் சூட்சுமம் ஒரு மாணவியிடத்தில் வெளிப்பட்டதை நான் நேரில் பார்த்தேன். ப–ச என்ற ஃபோர்த்தைச் சேர்த்து வாசித்தபோது அவள் ஃபிஃப்த் என்றாள். தொடக்கத்தில் பெரும்பாலோர் செய்யும் தவறு அது. சாதாரண ஆசிரியராக இருந்தால் தவறு என்று சொல்லி அடுத்த சீட்டை எடுத்திருப்பார். நண்பர் ஆதாரத்தைப் பாடச் சொன்னார். அவள் தயங்காமல் மேல் ஸ்வரத்தைப் பாடினாள். செவி ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் சரியாகவே பிடித்திருக்கிறது. ஷட்ஜம் மேலே இருப்பதைக் கவனியாமல், ஷட்ஜ பஞ்சமம் என்றவுடன் ஃபிஃப்த் என்று பெயரிட்டுவிட்டாள், அவ்வளவுதான். அவளுக்குத் திருத்த வேண்டியது பெயர் ஒன்றே. அவள் கீழ் ஸ்வரத்தைப் பாடியிருந்தால் விஷயம் வேறு: கேட்டதை அவள் ச–ம என்று கொண்டிருக்கிறாள் என்று பொருள், அதையும் தவறு என்று தள்ள முடியாது, ஏனெனில் சுருதி எது என்று முன்கூட்டி அறிவிக்காத வரையில் அந்த இரு கட்டைகளுக்கு அதுவும் ஒரு நியாயமான பொருள்தான்.

இதற்காகவே இரண்டாவது கட்டுச் சீட்டுகள் இருக்கின்றன. இவற்றில் முதலில் ஷட்ஜ சுருதி ஒலிக்கும். அதன் மேல்தான் இடைவெளி வரும். சுருதி ஒலிக்கும்போது இடைவெளியின் சொந்த ஆதாரம் பின்வாங்கி, சுருதியின் ஆட்சி ஓங்குகிறது. மேஜர் ஸ்கேலில், அதாவது நம் சங்கராபரணத்தின் ஸ்வரங்களில், ஆறு கட்டை தூரமுள்ள ஜோடி ம–நி ஒன்றே. ஆறு என்பது பன்னிரண்டில் சரிபாதியாகையால், தனியே வாசித்தால் அதற்கு மேல் எது, கீழ் எது என்ற நிச்சயமே இல்லை. சுருதியோடு கேட்டால் நிஷாதம் ஷட்ஜத்துக்கு ஏறவும், மத்யமம் காந்தாரத்துக்கு இறங்கவும் துடிப்பது தெளிவாகத் தெரியும். அடுத்த சீட்டில் அதே இரண்டு கட்டைகள்தாம். சுருதியை மாத்திரம் ஆறு கட்டை தள்ளி வைத்திருக்கிறார். இப்போது முன்பு மத்யமமாக இருந்தது நிஷாதமாகி ஏறத் துடிக்கிறது. நிஷாதமாக இருந்தது மத்யமமாகி இறங்க விழைகிறது. கை ஒன்றையுமே மாற்றாதிருக்க, செவியில் அனைத்தும் தலைகீழாவதை அநுபவிக்க வேண்டுமானால் அந்த இரண்டு சீட்டுகளையும் அடுத்தடுத்துக் கேட்க வேண்டும். இந்தக் கட்டு முழுவதிலும் இவையே எனக்கு உத்தமமான சீட்டுகளாகத் தோன்றுகின்றன.

அட்டவணைக்கு எல்லைகளும் உண்டு. ஏழாவது மேற்சுரம் பியானோவின் எந்தக் கட்டையிலும் பொருந்தாது. கைசிகி நிஷாதத்துக்குச் சற்றுத் தாழ்ந்து நிற்கிறது. நண்பர் அதைக் கட்டத்துக்குள் திணிக்காமல் இரண்டு கோடுகளுக்கு இடையே ஒரு புள்ளியாக வைத்தது நேர்மையான காரியம். பிரசங்கத்தில் வரும் மொழியியல் ஒப்புமைகள் முழுவதையும் அவர் விட்டுவிட்டார். செவிக்கு அவற்றால் ஆகவேண்டியது ஒன்றும் இல்லாமையால் அதுவும் சரியே. ஆனால் மேஜர் தேர்டு விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. பியானோவின் சமப்பங்கீட்டில் அமைந்த அந்தரகாந்தாரம், தந்தியில் ஸ்வயம்புவாக எழும் காந்தாரத்தைவிட ஓர் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உயர்ந்தது. சீட்டுகள் யாவும் பியானோவிலேயே வாசிக்கப்படுவதால், பயிலுபவர் அந்த உயர்ந்த காந்தாரத்தையே உண்மையானது என்று கொண்டுவிடுகிறார். பிறகு தம்புராவோடு பாடும்போது காந்தாரம் கூராகிறது. ஃபிஃப்த்தில் இந்தப் பேதம் அரை ஸ்வரத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான். அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இத்தகைய சீட்டுகளைத் தாமும் செய்துகொள்ள விரும்பும் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: ஃபிஃப்த், ஃபோர்த் சீட்டுகளைப் பியானோவிலோ ஹார்மோனியத்திலோ வாசித்துக்கொள்ளுங்கள்; இரண்டு தேர்டுகளின் சீட்டுகளை மாத்திரம் தம்புராவை மீட்டிக்கொண்டு, வயலினிலோ குரலிலோ கேட்டுப் பழகுங்கள்.