வேண்டாம், வேண்டும்: ஒரு பக்கப் பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தது

பழவேற்காடு ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர் தன் பாடத்திட்டத்தை அனுப்பியிருந்தார். ஒரே பக்கம். எட்டாம் வகுப்பு, 40 நிமிடம், மென்பொருள் கிம்ப். பாடத்தின் நோக்கம் என்று ஒரு வரி: "ஒரு புகைப்படத்தில் உள்ள ஒரு சொல்லை மாற்றுதல்." பெயர் போடாமல் விமர்சனம் எழுதிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார், அதனால் இந்தப் பதிவு.

முதலில் எனக்குப் பிடித்தது. பொதுவாகப் பள்ளிகளில் படத்தொகுப்பு என்றால் பூவின் நிறத்தை மாற்றுவது, பின்னணியில் தாஜ்மஹாலை வைப்பது, இத்தோடு முடிந்துவிடும். இவர் எடுத்துக்கொண்டது சுவரில் ஒட்டிய ஓர் அறிவிப்பு. அதில் மூன்று வாக்கியங்கள்:

"மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். படகுகளைப் பாதுகாப்பாகக் கட்டி வைக்க வேண்டும்."

பயிற்சி என்னவென்றால் இரண்டாவது வாக்கியத்தின் "வேண்டாம்" என்பதை "வேண்டும்" என்று ஆக்குவது. ஊர் தெரிந்தவர்தான் இப்படி ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பார். காற்று, அலை எச்சரிக்கை தவிர, எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களிலும் கடலுக்குப் போகாதே என்று சொல்லப்படும் மக்கள் இவர்கள். அந்தச் சொல் தப்பாக இருந்தால் ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் ஒரு நாள் பாடு.

தமிழுக்கே உரிய ஒரு விஷயமும் இதில் இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், எதிர்மறையும் அதோடு சேர்ந்து கடைசியில்தான் வரும். முழு வாக்கியத்தையும் தலைகீழாக்க ஓர் எழுத்து போதும்: டா, டு. அதுவும் வாக்கியம் வரியோடு முடிந்தால் பக்கத்தில் வெற்றுக் காகிதம் கிடக்கும், வேலை செய்ய வசதி.

இனி குறைகளுக்கு வருகிறேன்.

திட்டத்தின் படிகள் சுருக்கமாக இவ்வளவுதான்: நிறம் எடுக்கும் கருவியால் காகிதத்தின் வெள்ளையை எடு, தூரிகையால் பழைய சொல்லின் மேல் பூசு, எழுத்துக் கருவியால் புதுச் சொல்லைத் தட்டச்சு செய், சேமி. நான் இதே வாசகத்தை ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, மதிய வெயிலில் கைப்பேசியால் படம் பிடித்து, படிகளை அப்படியே செய்து பார்த்தேன். பார்த்தவுடன் தெரிகிறது, ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி.

ஏன் என்று பார்த்தால், காகிதம் நம் கண்ணுக்குத்தான் வெள்ளை. என் படத்தில் தாளின் இடது ஓரம் 214 அளவு வெளிச்சம், வலது ஓரம் 196 (முழு வெள்ளை 255). இடையில் மெதுவாக இறங்குகிறது, ஒவ்வொரு புள்ளியிலும் கொஞ்சம் இரைச்சல் வேறு. அதன் நடுவே ஒரே எண்ணில் பூசிய பட்டை, எவ்வளவு கவனமாகப் பூசினாலும் தீவு மாதிரி நிற்கும். எழுத்தும் அப்படியே. அச்சு மை படத்தில் சுத்தக் கறுப்பாக வருவதில்லை, அடர்ந்த பழுப்புச் சாம்பலாக, ஓரம் மங்கி வருகிறது. தட்டச்சு செய்த சொல்லோ கன்னங்கறுப்பாக, கத்தியால் வெட்டிய ஓரத்தோடு உட்கார்ந்திருக்கிறது. கையால் எழுதிய பலகையாக இருந்தால் எந்த எழுத்துருவும் பொருந்தாது.

இன்னொன்று அகலம். "டா" என்பது ட-வும் துணைக்காலும், இரண்டு உருவம். "டு" ஒரே உருவம். எழுத்தின் உயரம் சுமார் 60 புள்ளி இருந்த என் படத்தில், மாற்றிய பிறகு 30 புள்ளி இடம் மிச்சமானது. ம் என்ற எழுத்தை இடது பக்கம் நகர்த்தினால் முற்றுப்புள்ளியும் நகர வேண்டும். நகர்த்தாவிட்டால் சொல்லுக்குள் பல் விழுந்த மாதிரி ஓர் இடைவெளி. திட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஒரு தமிழ்ச் சொல்லை மாற்றுகிற பாடத்தில் உண்மையாகவே கற்றுத் தர வேண்டியது இதுதான் என்பேன்.

திறமையானவன் தட்டச்சே செய்யமாட்டான். அறிவிப்பை மறுபடி படியுங்கள். மூன்றாவது வாக்கியத்தின் கடைசியில் "வேண்டும்" தயாராக இருக்கிறது! அதே எழுத்துரு, அதே மை, அதே வெளிச்சம், அதே மங்கல். அதை வெட்டி மேலே ஒட்டி, பழைய சொல்லின் மிச்சத்தைப் பக்கத்துக் காகிதத்தை நகலெடுக்கும் கருவியால் (கிம்பில் Clone, விசைப்பலகையில் C, மூல இடத்தைக் காட்ட Ctrl அழுத்திச் சொடுக்கணும்) மறைத்தால் முடிந்தது. அதன் தம்பியான Heal கருவி வெற்றிடத்தில் அருமையாக வேலை செய்யும், ஆனால் எழுத்தின் ஓரத்துக்கு அருகே போனால் கறுப்பை இழுத்து அழுக்காக்கிவிடும். எனக்கு இந்த வேலை முழுசாகப் பத்து நிமிடம் பிடித்தது. நம் அரசு அறிவிப்புகளில் "வேண்டும்" இல்லாத தாள் அபூர்வம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இது புது வித்தையும் இல்லை. 1917 பிப்ரவரிப் புரட்சியின்போது பெத்ரோகிராத் தெருவில் எடுத்த ஒரு படத்தில் பின்னால் கடிகாரம், தங்கம், வெள்ளி விற்கிற கடையின் பலகை இருக்கும். பிறகு வந்த அஞ்சலட்டையில் அதே பலகை, போராடி உன் உரிமையைப் பெறு என்ற பொருளில் பேசுகிறது. படிக்க முடியாமல் இருந்த கொடியிலும் முடியாட்சி ஒழிக என்று எழுத்து வந்துவிட்டது. டேவிட் கிங் 1997-ல் வெளியிட்ட 'தி கமிசார் வேனிஷஸ்' புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருப்பார். இரண்டு படமும் கையில் இருந்ததால்தான் நமக்குக் கதை தெரிகிறது.

பாடத்திட்டத்தில் என் பெரிய குறை இங்கேதான். மாற்றத் தெரிந்த பிள்ளைக்கு மாற்றியதைக் கண்டுபிடிக்கவும் தெரியணும், அதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. கடைசி வரியில் "இதைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது" என்று மட்டும் இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிட்டு 20 நிமிடத்தை அங்கே வைக்கலாம். மாற்றும் வேலைக்கு 15 நிமிடம் போதும், முதல் தடவை ஒட்டுத் தெரிந்தால் தெரியட்டும், கண்டுபிடிக்க ஏதாவது வேண்டுமே. அப்புறம் ஒவ்வொருவரும் தன் படத்தைப் பக்கத்துக் கணினிக்காரரிடம் கொடுக்கட்டும்.

மூலப்படம் இருந்தால் வேலை சுலபம். கணினியில் இமேஜ்மேஜிக் இருந்தால் ஒரு வரி:

```
compare -fuzz 5% moolam.jpg maatriyathu.jpg verupaadu.png
```

மாறிய இடம் சிவப்பாக வரும். அந்த 5% முக்கியம். ஜேபெக் படத்தைத் திரும்பச் சேமித்தாலே படம் முழுக்க எண்கள் கொஞ்சம் அசையும், அதைக் கண்டுகொள்ளாமல் விடத்தான் அது. போடாமல் ஒருமுறை ஓட்டிக் காட்டினால் தாள் முழுக்கச் சிவப்புப் புள்ளி விழும். "சார், எல்லாமே மாறிடுச்சு" என்று யாராவது கத்துவார்கள். சேமித்தாலே படம் மாறும் என்பதை விளக்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

மூலம் இல்லையென்றால்? அதுதான் நிஜ வாழ்க்கை. பூசிய பட்டையைப் பிடிக்க, கிம்பில் Colors → Levels திறந்து உள்ளீட்டு எல்லையை 190, 220 என்று குறுக்கினால் காகிதத்தின் சின்ன வெளிச்ச வித்தியாசமெல்லாம் பெரிதாகத் தெரியும். சாயல் இறங்கிப் போகும் இடத்தில் ஒரே நிறத்தில் ஒரு தீவு இருந்தால் அங்கே கை வைத்திருக்கிறார்கள். வெட்டி ஒட்டிய சொல்லைப் பிடிக்க வேறு வழி: சந்தேகப்படும் சொல்லைத் தனி அடுக்காக எடுத்து, தாளில் உள்ள இன்னொரு "வேண்டும்" மேல் வைத்து, அடுக்கின் முறையை Difference ஆக்கணும். நகல் என்றால் சொல் ஏறக்குறைய முழுக் கறுப்பில் மறைந்துவிடும். தனித்தனியாக அச்சான இரண்டு சொற்கள் என்றால் ஓரங்களில் பேய் மாதிரி கோடுகள் நிற்கும், ஏனென்றால் ஒரே எழுத்துருவாக இருந்தாலும் வெளிச்சமும் இரைச்சலும் இரண்டு இடத்தில் ஒன்றுபோல அமையாது. கையால் எழுதிய பலகையில் இது இன்னும் பளிச்சென்று தெரியும்.

இதற்கும் எல்லை உண்டு, அதையும் பிள்ளைகளுக்குக் காட்டணும். வாட்ஸாப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கி வருகிறது. 4000 புள்ளி அகலப் படம் சுமார் 1600 ஆனால், 60 புள்ளி எழுத்து 24 ஆகிவிடும். கேமரா, நேரம் போன்ற விவரங்களும் கழன்றுவிடும். ஓரத்தின் மங்கல், இரைச்சல் எல்லாம் கரைந்து போய் நம் Difference சோதனை தடுமாறும். அப்போதும் மிஞ்சுவது இரண்டு. ஒன்று, நிரப்பாமல் விட்ட 30 புள்ளி இடைவெளி, 12 ஆகச் சுருங்கினாலும் கண்ணில் படும். மற்றது வாக்கியம். 55 கிலோமீட்டர் காற்று வீசும், கடலுக்குப் போக வேண்டும், படகைக் கட்டி வைக்க வேண்டும் என்று எந்த அதிகாரி எழுதுவார்? ஒரு சொல்லை மாற்றியவன் முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களை மாற்ற மறந்திருக்கிறான். மென்பொருள் எதுவும் இல்லாமல் ஆயா படித்தாலும் பிடித்துவிடுவார். சோதனை வரிசையில் இதைத்தான் முதலில் வைப்பேன். திறமையாகச் செய்து, வாக்கியமும் பொருந்துகிற மாதிரி மாற்றியிருந்தால் சுருங்கிய படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. துறைக்கோ சங்கத்துக்கோ போன் போட்டுக் கேட்பதுதான் வழி.

கடைசியாக ஒன்று, ஆசிரியரிடம் நேராகவே சொன்னேன். திட்டத்தில் துறையின் உண்மையான அறிவிப்பைப் படம் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். வகுப்பு முடியும்போது இருபது போலி எச்சரிக்கைகள் கணினியில் கிடக்கும். ஒரு பென் டிரைவ் போதும், சாயங்காலம் ஊர் குழுவில் இருக்கும். அதற்காகத் தீங்கில்லாத சொல்லுக்குப் போய், சுண்ணாம்புக்குளத்தை உப்புக்குளம் ஆக்கு என்றால் பாடத்தின் உயிர் போய்விடும். சொல் அப்படியே இருக்கட்டும், தாளை மாற்றலாம். "எட்டாம் வகுப்பு மீன்வளத் துறை" என்று பெரிய தலைப்புப் போட்டு, முத்திரை இருக்கும் இடத்தில் மீன் பொம்மை வரைந்து, பிள்ளைகளே அச்சடித்து, பள்ளிச் சுவரில் ஒட்டிப் படம் பிடிக்கட்டும். அவர் "தேதியாக 31 பிப்ரவரி போட்டுடறேன்" என்றார். அதுவும் நல்லதுதான்.