‘தொடர்பு இல்லை’

முன்னாள் மாணவர் சந்திப்பின் பதிவுத்தாளில் நான் ரசிப்பது ‘தொடர்பு இல்லை’ என்ற கடைசிப் பத்தியைத்தான். நன்கொடைப் பத்தி அவரவர் விருப்பம். காலியாக விட்டவருக்கும் அதே சாப்பாட்டு டோக்கன், அதுதான் மரியாதை.

1987 செட்டில் 42 பேர் என்று வையுங்கள். வருகிறவர்கள் 19, வர இயலாதவர்கள் 8. மீதி 15 பேர் ‘தொடர்பு இல்லை’ பத்தியில். அவர்களுக்குப் பழைய வீட்டுத் தொலைபேசி எண்தான் இருக்கும். பெண்களுக்குக் கல்யாணத்தோடு இனிஷியலும் மாறியிருக்கும். முகநூலில் அகப்பட மாட்டார்கள். ஆனால் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் அப்பா பெயரும் ஊரும் உண்டு. அந்த ஊர் மளிகைக்கடையில் கேட்டால், “அவங்க அண்ணன் இங்கதானே இருக்காரு” என்பார்கள்.

வருகிறவர்களை எண்ணுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபெயிலாகி அடுத்த வருடத்தோடு படித்தவர் இரண்டு செட்டிலும் பெயர் கொடுப்பார். இருமுறை எண்ணினால் இலைக் கணக்கு தப்பும். எந்த செட்டில் உட்கார்வார் என்று அவரையே கேட்டுவிடுவது நல்லது.