கம்பியை அளக்கச் சொன்ன வரி

பீளமேட்டு வீட்டுக்குத் திரைச்சீலை தேடியபோது ஒரு விற்பனைக் குறிப்பு கண்ணில் பட்டது. கரூர்ப் பருத்தித் துணி. முதல் வரியே, "ஜன்னலை அளக்க வேண்டாம், கம்பியை அளந்துகொள்ளுங்கள்." எழுதியவரை அங்கேயே பிடித்துப்போயிற்று.

எங்கள் ஜன்னல் 4 அடி அகலம். 4 அடித் துணி ஒன்று போதும் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் ஓரத்தில் வெயில் புகாமலிருக்க, கம்பி இருபுறமும் ஆறு அங்குலம் நீண்டிருக்கிறது; 60 அங்குலம். மடிப்பு அழகாக விழக் கம்பியைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி வேண்டும். ஒன்று வாங்கியிருந்தால் கம்பிக்கே எட்டியிருக்காது. 48 அங்குலத்தில் இரண்டு போட்டால் 96, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். "இந்த அகலம் ஒரு திரைக்கு, பொட்டலத்தில் இரண்டு" என்றும் தெளிவாகப் போட்டிருந்தார். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

உயரத்தில் இன்னும் நுணுக்கம். வளையம் வைத்த திரையில் துணியின் மேல்விளிம்பு கம்பிக்கு மேலே ஓர் அங்குலம் நிற்கும். 60 அங்குலத் திரை கம்பியிலிருந்து 59தான் தொங்கும். அதையும் படம் போட்டு, அம்புக்குறியை மேல்விளிம்பிலிருந்தே தொடங்கியிருந்தார். முதல் சலவையில் 3 சதவீதம் சுருங்கும் என்ற குறிப்பும் இருந்தது. கணக்குப் போட்டேன், கிட்டத்தட்ட இரண்டு அங்குலம். எங்கள் திரை ஜன்னலடிக்குக் கீழே ஆறு அங்குலம் இறங்குவதால் அது தாங்கும்.