மல்லிகைக்கு மேலே ஒரு நார்த்தம்பூ

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் இருக்கிறது லெப்பைக்குடிகாடு. வளைகுடா நாடுகளில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நிறைந்த ஊர். அவர்களோடு சேர்ந்து ஊருக்கு வந்த பழக்கங்களில் ஒன்று, வாசனையை இரண்டு அடுக்காகப் போட்டுக்கொள்வது. முதலில் தோலில் அத்தர், சற்றுப் பொறுத்து அதன்மேல் ஸ்பிரே. அரபு நாடுகளில் இது அன்றாட வழக்கம். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் அடியில் ஊது போட்டுக்கொள்வார்கள். எனக்குப் பழக்கமான பாய் ஒருவர் மட்டும் அடியில் மல்லிகையும் மேலே எலுமிச்சை வகை கொலோனும் வைப்பார். அவர் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்தால் மல்லிகையும் வராது, எலுமிச்சையும் வராது. இரவில் நார்த்தை மரத்தடியில் நின்றால் வருமே, அந்தப் பூவின் வாசம் வரும். அந்தப் பூ அவருடைய இரண்டு புட்டியிலும் இல்லை.

எங்கிருந்து வருகிறது அது? நார்த்தை, கிச்சிலி, ஆரஞ்சு போன்ற மரங்களின் பூவாசம் பல பொருள்கள் கூடி உண்டாவது. லினலூல் அதற்கு மென்மையான பூத்தன்மையைத் தருகிறது. லிமோனீன் தோலை உரிக்கும்போது தெறிக்கிற அந்தக் காரத்தைத் தருகிறது. மெத்தில் ஆந்த்ரனிலேட் திராட்சை போன்ற ஓர் இனிப்பைக் கொண்டுவருகிறது. இவற்றுக்கு அடியில் இண்டோல் என்ற பொருள் மிகக் கொஞ்சமாக இருக்கிறது. தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் இண்டோல், பூவுக்குள் இருக்கும்போது மட்டும் உயிர்ப்பாக மாறிவிடும். கடைசி இரண்டும் நம் குண்டுமல்லியில் ஏற்கெனவே இருக்கின்றன. லினலூலும் உண்டு. நார்த்தம்பூவாக மாற அதற்குக் குறைவது தோலின் காரமும் இலையின் பச்சையும்தான். அந்த இரண்டையும் மேலே தெளிக்கிற கொலோன் கொடுத்துவிடுகிறது. இரண்டு வாசனையும் சண்டையிடாமல் மூன்றாவதாக ஒன்று பிறப்பதற்கு இதுதான் காரணம்.

அதனால் எந்த மல்லிகை என்பது முக்கியம். பிச்சிப்பூவின் எண்ணெய் இதற்குச் சரிவராது. அதன் அழகு வேறு. பழக்கனிவும் கதகதப்பும் கொண்டது, ஆனால் மெத்தில் ஆந்த்ரனிலேட் அதில் சொற்பம். மேலே எலுமிச்சை போட்டால் பிச்சி பிச்சியாகவே நிற்கும். முல்லையும் தனி வழி. கடையில் கேட்கும்போது வடநாட்டுப் பெயர்கள் தெரிந்திருக்க வேண்டும். மோதியா, மோக்ரா, பேலா என்று எழுதியிருந்தால் அது மல்லிகை. சமேலி என்றால் பிச்சி, ஜூஹி என்றால் முல்லை.

மல்லிகை எண்ணெய் இரண்டு வழியில் கிடைக்கிறது. கன்னௌஜ் ஊரில் பூவைச் செம்புக் கலத்தில் நீரோடு காய்ச்சி, அந்த ஆவியைச் சந்தன எண்ணெய் ஊற்றிய குடுவைக்குள் இறக்குவார்கள். அது அத்தர். தமிழ்நாட்டு ஆலைகள் பூவை ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் ஊறவைத்து, முதலில் மெழுகு போன்ற கான்கிரீட்டையும், பிறகு அதிலிருந்து மெழுகை நீக்கி அப்சல்யூட்டையும் எடுக்கின்றன. ஒரு கிலோ அப்சல்யூட்டுக்கு ஏறத்தாழ ஒரு டன் பூ தேவை. நாற்பது ஐம்பது ரூபாய்ப் புட்டியில் அது இருக்க வழியில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும். மலிவான புட்டியில் பென்சைல் அசிட்டேட் என்ற செயற்கைப் பொருள்தான் பெரும்பங்கு. அதுவும் மல்லிகையில் இயல்பாக இருப்பதுதான், ஆனால் தனியே நின்றால் வாழைப்பழமும் நகச்சாயமும் கலந்த மாதிரி வரும். ஒரு காகிதத் துண்டில் சிறிது தடவி மறுநாள் காலை முகர்ந்து பாருங்கள். நல்ல அத்தரில் சந்தனத்தின் பால்வாசம் பூவின் சாயலோடு தங்கியிருக்கும். மட்டமானதில் எதுவுமே இருக்காது, அல்லது வெறும் எண்ணெய்ச் சிக்கு இருக்கும்.

அப்சல்யூட் கிடைத்தால் அதை அப்படியே தோலில் வைக்கக் கூடாது. 100 சொட்டு அடி எண்ணெய்க்கு 3 சொட்டு போதும். ஹோஹோபா எண்ணெய் நல்லது, சந்தன எண்ணெய் அதைவிட நல்லது. தேங்காயெண்ணெய் வேண்டாம். மல்லிகையும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த உடனே அது தலைக்குத் தேய்க்கும் எண்ணெயாகிவிடும். மேலே எவ்வளவு உயர்ந்த கொலோனைத் தெளித்தாலும் அந்த நினைப்பு போகாது.

மேலடுக்கைப் பலர் யோசிக்காமல் தேர்ந்தெடுக்கிறார்கள். வெறும் எலுமிச்சைத் தோல் வாசம் மட்டும் கொண்ட ஸ்பிரே இந்த வேலைக்கு ஆகாது. லிமோனீன் வேகமாகப் பறந்துவிடும் பொருள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் பத்து நிமிடத்தில் காணாமல் போகும். மல்லிகை வெளியே வரும்போது அதைக் கைபிடிக்க மேலே யாரும் இருக்கமாட்டார்கள். எலுமிச்சை போய்விட்டது, பிறகு மல்லிகை வந்தது என்று இரண்டு துண்டாக நிற்கும். தேட வேண்டியது பெர்கமாட்டும் பெட்டிகிரெயினும் சேர்ந்த கொலோன். பெர்கமாட் தோலில் லினலூல் உண்டு, அது மல்லிகையோடு பேசும். பெட்டிகிரெயின் என்பது கசப்பு ஆரஞ்சு மரத்தின் இலையிலும் சின்னக் கிளையிலும் வடிக்கும் எண்ணெய். நார்த்தை இலையில் வேப்பிலைக்கட்டி இடிக்கிற வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசம் புதிதல்ல. தோலின் வாசத்தைவிட இலையின் வாசம் நெடுநேரம் நிற்கும். பாலம் அதுதான்.

போடுகிற முறையில் பாய் கண்டிப்பானவர். குளித்து, துவட்டி, தோல் முழுக்கக் காய்ந்த பிறகு அத்தர் புட்டியின் கண்ணாடிக் குச்சியால் ஒரே ஒரு தொடுகை, தொண்டைக்குழிக்குக் கீழே. இன்னொன்று முழங்கை மடிப்பில். அவ்வளவுதான். "தேய்க்காதீங்க, வச்சுட்டு விட்டுடுங்க" என்பார். தேய்த்தால் சூடேறி, பரவி, சீக்கிரம் பறந்துவிடும். பிறகு பத்து நிமிடம் சட்டை போடாமல் இருக்க வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டாமல் ஸ்பிரே அடித்தால் அதில் இருக்கும் ஆல்கஹால் ஈரமான எண்ணெயைக் கரைத்து, மல்லிகையை ஒரே மூச்சில் மேலே தூக்கிவிடும். அறை முழுக்கப் பூக்கடையாகும், அரைமணியில் எல்லாம் அடங்கிவிடும். எண்ணெய் தோலில் படிந்த பின் ஒரு சாண் தள்ளிப் பிடித்து இரண்டு முறை தெளித்தால் அது மேலே பனிபோல் இறங்கும். அளவில் தவறு நேர்வது எப்போதும் மல்லிகைப் பக்கம்தான். முதல் ஐந்து நிமிடத்தில் மல்லிகை உங்கள் மூக்குக்கே தெரிந்தால் அது அதிகம் என்று பொருள்.

பெரம்பலூரில் காலை ஏழரைக்குப் போட்டுக்கொண்டு அரியலூர் பேருந்தில் ஏறினால், பயணம் முடிவதற்குள் முழு நாடகத்தையும் பார்த்துவிடலாம். ஏறும்போது தோலும் இலையும் மட்டும்தான், கூர்மையாக, கொஞ்சம் கசப்பாக. ஊரைத் தாண்டி மக்காச்சோளக் காடுகள் வரும் சமயத்தில் கூர்மை மழுங்கும், பச்சை மட்டும் நிற்கும். அங்கிருந்துதான் நார்த்தம்பூ தொடங்குகிறது. கால்மணியிலிருந்து முக்கால்மணி வரைக்கும் அது இருக்கும். இதற்குள் ஒரு கசப்பு இழையும் ஒரு தேன் இழையும் மாறி மாறி வரும். வாசனை பிடித்தவர்கள் காத்திருப்பது இந்த இடைவேளைக்காகத்தான். சுண்ணாம்புக்கல் லாரிகள் எதிர்ப்படத் தொடங்கும்போது எலுமிச்சை வகை முழுக்க விடைபெற்றிருக்கும். மிச்சமிருப்பது தோலுக்கு அருகே மட்டும் தெரியும் மல்லிகை, அதற்குக் கீழே சந்தனம். எண்ணெய் அடியில் இருப்பதால் எலுமிச்சை மணிக்கணக்கில் நிற்கும் என்று விற்பவர்கள் சொல்வது மிகை. சில நிமிடம் தாமதமாகும், அவ்வளவே. இலைவாசம்தான் உண்மையில் நிற்பது.

இந்தச் சேர்க்கைக்கு உலகப் புகழ் பெற்ற முன்னோடி ஒன்று உண்டு. 1966இல் டியோர் நிறுவனத்துக்காக எட்மோன் ரூட்னிட்ஸ்கா அமைத்த ஓ சவாஜ். மேலே எலுமிச்சையும் பெர்கமாட்டும், அடியில் ஹெடியோன் என்ற பொருள். மல்லிகையின் வாசப்பொருள்களை ஆராயும்போது ஃபிர்மெனிச் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கப்பட்டது ஹெடியோன். மல்லிகையின் காற்றோட்டம் மட்டும் இருக்கும், கனம் இருக்காது. ஓ சவாஜ் ஆண்களுக்கான வாசனையாக வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மல்லிகை என்றாலே பெண்களின் தலை என்று பழகிய நம் ஊரில் ஓர் ஆண் அத்தரை அடியில் வைத்து, மேலே கொலோன் போடும்போது யாரும் பூ என்று கண்டுபிடிப்பதில்லை. ஆனால் ஹெடியோன் தராத ஒன்று பாயின் புட்டியில் இருக்கிறது. ஹெடியோனில் இண்டோல் இல்லை. அதன் மல்லிகை எப்போதும் காலை நேரத்து மல்லிகை. அத்தரில் அந்திக்குப் பின் விரிகிற மல்லிகை இருக்கிறது. சாயங்காலம் உடம்பு சூட்டில் அது கொஞ்சம் கறுக்கும். எனக்கு அந்தக் கறுப்பு பிடிக்கும். அது இல்லாத நார்த்தம்பூ சோப்பு வாசத்தில் போய் முடிகிறது.

வெயில் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பிழிந்தெடுத்த பெர்கமாட், எலுமிச்சை எண்ணெய்களில் பெர்காப்டன் போன்ற பொருள்கள் உண்டு. அவை தோலில் இருக்கும்போது கடும் வெயில் பட்டால் சிவந்து, பிறகு மாதக்கணக்கில் கறுப்புத் திட்டு நிற்கும். கடையில் வாங்கும் கொலோன்களில் பெரும்பாலும் அதை நீக்கிவிடுவார்கள். வீட்டில் தானே கலப்பவர்கள் காய்ச்சி வடித்த எலுமிச்சை எண்ணெயைப் பயன்படுத்தலாம், இல்லாவிட்டால் மேலடுக்கைச் சட்டைக்குள் மறைகிற இடத்தில் வைக்கலாம். அத்தரை வேட்டியிலும் வெள்ளைச் சட்டையிலும் படவிடக் கூடாது. மஞ்சள் கறை போகாது. பழைய கொலோனையும் நம்ப வேண்டாம். லிமோனீன் காற்றுப் பட்டு ஆக்சிகரணம் அடைந்தால் வாசத்தில் டர்பன்டைன் நெடி ஏறும், தோலிலும் அரிப்பு வரலாம். புட்டியைத் திறந்ததும் பெயின்ட் கடை ஞாபகம் வந்தால் ஊற்றிவிட வேண்டியதுதான்.

இதை ஒருவர் தனக்கானதாக்கிக்கொள்வது விகிதத்தில்தான். பாய் பங்குனி முதல் ஆடி வரை அத்தரை ஒரே தொடுகையாகக் குறைத்து, இலைவாசம் மிகுந்த கொலோனை மூன்று முறை தெளிக்கிறார். ஐப்பசி மழை தொடங்கியதும் இரண்டு தொடுகை அத்தர், ஒரு முறை கொலோன். குளிர்ந்த காற்றில் வாசம் மெதுவாக எழுவதால் நார்த்தம்பூ ஒரு மணி நேரத்துக்கும் மேலே நிற்கிறது. மார்கழியில் மட்டும் அத்தரோடு ஒரு துளி வெட்டிவேர் எண்ணெய் சேர்ப்பார். நான் அதைச் சேர்ப்பதில்லை. வெட்டிவேரின் மண்வாசம் பூவை அடக்கிவிடுகிறது என்பது என் எண்ணம். பூ தரையில் உதிர்ந்த மாதிரி இருக்க வேண்டாமா என்பது அவர் எண்ணம்.